முதுகு இளகிய அலமாரி

"வீடு மாறியதிலிருந்து எங்கள் அலமாரி ஆடுகிறது. ஆன்லைனில் வாங்கி நாங்களே பூட்டியது. 6 அடி உயரம், இரண்டு கதவு. கேம் லாக் எல்லாவற்றையும் முறுக்கிவிட்டேன், இரண்டு மட்டும் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பின்னால் இருப்பது அட்டை மாதிரி மெல்லிய தகடுதான். இதை உறுதியாக்க வழி உண்டா, இல்லை தூக்கிப் போட வேண்டியதுதானா?"

தூக்கிப் போட வேண்டாம். ஒரு மாலையும் மறுநாள் பகல் பொழுதும் துணைக்கு ஒரு ஆளும் இருந்தால் சரிசெய்துவிடலாம். "அட்டை மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தகட்டில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. சும்மா சுற்றும் அந்த இரண்டு கேம்களை வழியில் பார்த்துக்கொள்வோம்.

காரணம் புரிய ஒரு தீப்பெட்டி போதும். உள்தட்டை உருவிவிட்டு வெளிக்கூட்டை மட்டும் மேசையில் நிறுத்தி, மேலே விரலை வைத்துப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளுங்கள். நாலு மூலையும் ஒட்டித்தான் இருக்கும், எதுவும் கிழியாது, ஆனாலும் கூடு சாய்ந்து படுத்துவிடும். இப்போது அதன் ஒரு வாயில் ஒரு துண்டுத் தாளை வைத்து நாலு விளிம்பிலும் பசை போட்டு ஒட்டிக் காயவிட்டுத் தள்ளிப் பாருங்கள். அசையாது. வெறும் தாள் அது. உங்கள் அலமாரியின் பின்தகடு செய்வதும் இதைத்தான். தகடு 3 மி.மீ., ஆசாரி கணக்கில் ஒரு நூல். அந்த ஒரு நூல் தகடு நாலு விளிம்பிலும் இறுகப் பிடித்திருந்தால் 40 கிலோ அலமாரி கட்டுக்கோப்பாக நிற்கும். விளிம்பு விட்டுப்போனால், தகடு கனமாகவே இருந்தாலும் பயனில்லை.

கேம் லாக்கின் வேலை வேறு. ஒரு பலகையை இன்னொரு பலகையோடு இழுத்துச் சேர்ப்பது அது. சேர்ந்த இரண்டு பலகைக்கும் நடுவே உள்ள செங்கோணத்தைக் காப்பாற்றும் பலம் அதற்குக் கிடையாது. அதனால்தான் நீங்கள் எல்லாவற்றையும் முறுக்கிய பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. இன்னும் அழுத்தி முறுக்கினால் கேம் உட்கார்ந்திருக்கும் குழியின் ஓரம்தான் பெயரும்.

கருவியைத் தொடுமுன் ஆட்டம் எந்த வகை என்று பாருங்கள். அலமாரியின் பக்கவாட்டில் நின்று, மேல் மூலையில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளுங்கள். கண் தரையில் இருக்கட்டும். அடிப்பாகம் அப்படியே இருக்க, மேல்பாகம் மட்டும் போய்ப்போய் வந்தால் அது முதுகுக் கோளாறு. தள்ளும்போது ஒரு பக்கத்து அடி தரையைவிட்டு எழும்பி, விட்டதும் 'டக்' என்று உட்கார்ந்தால் அது தரைக் கோளாறு. முன்னும் பின்னுமாக ஆடினாலும் அது தரைதான், அல்லது அடிப்பலகை. பக்கப் பலகைகள் ஒன்றரை அடிக்கு மேல் ஆழம் உள்ளவை என்பதால் அந்தத் திசையில் அவையே தாங்கிக்கொள்ளும். பின்தகட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

கதவும் ஒரு துப்புச் சொல்லும். இரண்டு கதவையும் மூடிவிட்டு, அவை நடுவில் சந்திக்கும் இடத்தின் மேல்முனையைப் பாருங்கள். கதவுகளுக்கு இடையே உள்ள சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கிறது, ஆனால் ஒரு கதவு இறங்கியும் இன்னொன்று ஏறியும் படிக்கட்டு மாதிரி நிற்கிறதா? அப்படியானால் பெட்டி பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. இடது கதவு இறங்கியிருந்தால் வலப்பக்கச் சாய்வு, வலது கதவு இறங்கியிருந்தால் இடப்பக்கச் சாய்வு. பெரும்பாலானவர்கள் இதைப் பார்த்ததும் கீலில் உள்ள திருகாணியைத் திருப்பிக் கதவைச் சமமாக்கப் பார்ப்பார்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். கதவு சமமாயிற்று, பெட்டி இன்னும் சாய்ந்தது, மறுவாரம் படிக்கட்டு திரும்ப வந்தது. ஒரு கதவு மற்றதைவிட முன்னால் துருத்திக்கொண்டு நின்றால் அது சாய்வு இல்லை, முறுக்கல். தரை சமமில்லாததால் நாலு காலில் ஒன்று அந்தரத்தில் இருக்கிறது.

உங்களுடையது வீடு மாறிய பிறகு தொடங்கியது என்பதால் முதுகு என்றே நினைக்கிறேன். லாரியில் ஏற்றுபவர்கள் அலமாரியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குவார்கள், தூக்க முடியாத இடத்தில் இழுப்பார்கள். அடி தரையில் உரச, மேல்பாகம் முன்னே போக, அந்த இழுப்பு முழுவதும் பின்தகட்டின் ஆணிகளுக்குத்தான் போகிறது. டார்ச் அடித்துத் தகட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஆணித்தலை அரை மி.மீ. எழும்பியிருக்கும், அல்லது தலை தகட்டுக்குள் புதைந்து மறுபக்கம் போயிருக்கும். ஒரு ஆணியைக் குறடால் பிடுங்கினால் துளை வட்டமாக இருக்காது, புளியங்கொட்டை மாதிரி நீண்டிருக்கும். அந்த நீளம் கூடக்கூட ஆட்டமும் கூடும்.

போன வருடம் மாடி வீட்டு அண்ணனின் அலமாரியை இப்படித்தான் சரிசெய்தோம். அதையே படிப்படியாகச் சொல்கிறேன், உங்களுடையதற்கும் ஏறக்குறைய பொருந்தும். பின்பக்கத்தில் அளந்தால் உயரம் 180 செ.மீ., அகலம் 80 செ.மீ. பலகை 16 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு. பின்தகடு ஒரே துண்டாக இல்லை. நெடுக்குவாக்கில் இரண்டு துண்டு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பட்டை இரண்டையும் கவ்விப் பிடித்திருந்தது. அனுப்பும் அட்டைப்பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் இப்படிப் பிளந்து அனுப்புகிறார்கள். சிலவற்றில் ஒரே தகடு நடுவில் மடிந்து, மடிப்பில் டேப் ஒட்டியிருக்கும். இரண்டும் ஒரே பலவீனம்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் மூலைவிட்டம் பார்த்தோம். அளவு நாடாவை மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குப் பிடித்தோம், பிறகு மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு. 180-க்கு 80 பெட்டி சதுரமாக, அதாவது நாலு மூலையும் செங்கோணமாக இருந்தால் இரண்டும் 197 செ.மீ. வர வேண்டும். அண்ணன் வீட்டில் ஒன்று 197.8, இன்னொன்று 196.2. வித்தியாசம் 1.6 செ.மீ. கேட்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் மேல்பாகம் 2 செ.மீ. சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கதவு முனையில் படிக்கட்டு 9 மி.மீ. இருந்தது. உங்கள் அலமாரியிலும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். இனி எல்லா வேலையும் அந்த இரண்டு எண்ணையும் ஒன்றாக்கத்தான்.

அப்புறம் காலி செய்ய வேண்டும். துணி, ஹேங்கர், டிராயர், எல்லாம். கதவுகளையும் கழற்றிவிடுங்கள். கீலைப் பக்கப் பலகையில் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவை இளக்கினால் கதவு வந்துவிடும். எந்தக் கீல் எங்கே என்று பென்சிலில் குறித்துவையுங்கள். கதவு போனால் கனம் நன்றாகக் குறையும், படுக்கவைக்கும்போது கதவு திறந்து காலில் விழும் ஆபத்தும் போகும். பிறகு பழைய ஜமுக்காளத்தையோ மெத்தையையோ விரித்து, இரண்டு பேர் சேர்ந்து, முகம் தரையைப் பார்க்க அலமாரியைப் படுக்கவையுங்கள். இழுக்காமல் தூக்கிச் சாய்க்க வேண்டும். நின்றவாக்கிலேயே வேலை பார்க்கலாமா என்று அண்ணன் கேட்டார். பார்க்கலாம், ஆனால் தன் எடையே அலமாரியைச் சாய்த்துக்கொண்டிருக்கும்போது சதுரமாக்குவது கஷ்டம்.

இப்போது கேம் லாக்குக்கு வருவோம். அதில் இரண்டு பாகம். ஒரு பலகையின் முகத்தில் திருகி நிற்கும் ஒரு தண்டு. அதன் நுனியில் சின்னக் குமிழ் போன்ற தலை, தலைக்குக் கீழே ஒல்லியான கழுத்து. இன்னொரு பலகையின் முகத்தில் உள்ள குழியில் உட்காரும் வட்டப் பொத்தான்தான் கேம். பெரும்பாலும் 15 மி.மீ. விட்டம், துத்தநாகக் கலவையில் வார்த்தது. அதன் பக்கவாட்டில் ஒரு வாய், உள்ளே நத்தைக்கூடு மாதிரி சுருண்டு போகும் ஒரு வழி. தலை வாய்க்குள் நுழைந்ததும் பொத்தானைத் திருப்பினால், அந்தச் சுருள் வழி தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கும், அதனோடு பலகையும் வரும். பொத்தானின் மேலே ஒரு அம்புக்குறி இருக்கும், வாய் இருக்கும் பக்கத்தைக் காட்டுவது அது. தொடங்கும்போது அம்பு பலகையின் ஓரத்தை, அதாவது தண்டு வரும் திசையைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து வலச்சுழியாக அரைச் சுற்றுக்குச் சற்று மேலே போனதும் கை இறுக்கம் உணரும். அதோடு நிறுத்த வேண்டும்.

சும்மா சுற்றுகிறது என்றால் வாய்க்குள் தலை இல்லை, அல்லது தலையோடு தண்டே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. எது என்று பார்க்க, அம்பு ஓரத்தைப் பார்க்குமாறு திருப்பி, கத்தி நுனியால் பொத்தானை நெம்பி எடுங்கள். குழிக்குள் செல்போன் டார்ச்சைக் காட்டுங்கள். தலை குழியின் நடுவுக்கு வந்து தெரிகிறதா? தெரிந்தால் தண்டு சரி. பொத்தான்தான் விரிசல் விட்டிருக்கும், அல்லது முதலில் பூட்டியபோதே அம்பு தப்பாக இருந்திருக்கும். தலை ஓரத்திலேயே எட்டிப்பார்த்துக்கொண்டு நின்றால் இரண்டு பலகைக்கும் நடுவே சந்து இருக்கிறது. கேம் இழுக்கக்கூடியது ஓரிரு மி.மீ. மட்டுமே. அதற்கு மேற்பட்ட சந்தை அது மூடாது. நீங்கள்தான் துணியை மடித்து வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டியோ, துணைக்கு வந்தவர் தள்ளிப் பிடித்தோ மூட வேண்டும், பிறகு கேமைத் திருப்ப வேண்டும். தலை குழிக்குள் லொடலொடவென்று ஆடினால் தண்டு திருகியிருந்த துளை தூளாகிவிட்டது.

அண்ணனின் அலமாரியில் ஒன்று முதல் வகை, ஒன்று கடைசி வகை. உடைந்த பொத்தானுக்கு மாற்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஆசாரிகளும் கடைக்காரர்களும் 'மினிஃபிக்ஸ்' என்பார்கள். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். விட்டம் ஒன்றாக இருந்தாலும் உயரம் பலகையின் தடிமனுக்கு ஏற்ப மாறும். 18 மி.மீ. பலகைக்கானதை 16 மி.மீ. பலகையில் போட்டால் குழிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும்.

தூளான துளைதான் கவனம் கேட்பது. பார்ட்டிகிள் போர்டு என்பது பசையில் ஒட்டிய மரத்தூளும் சில்லுகளும்தான். ஒருமுறை மரை பிய்ந்தால் அதே துளையில் அதே தண்டைத் திரும்பத் திருகிப் பயனில்லை. தீக்குச்சியைச் சொருகித் திருகுவது நம் ஊர் வழக்கம். அது ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும். நான் செய்வது வேறு. துளையை 8 மி.மீ. டிரில் பிட்டால் பெரிதாக்கி, தூளை ஊதி வெளியேற்றிவிட்டு, உள்ளே ஃபெவிகால் விட்டு 8 மி.மீ. மரமுளை ஒன்றை அடித்து இறக்குவேன். அலமாரியோடு வந்த அதே மரமுளைதான், ஒன்றிரண்டு மீந்திருக்கும். டிரில் செய்யும்போது ஆழம் முக்கியம், இல்லையென்றால் மறுபக்கம் வந்து நிற்கும். பிட்டில் 12 மி.மீ. அளவில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் அந்தப் பயம் இல்லை. ஒரு இரவு முழுக்கக் காய வேண்டும். காய்ந்த பிறகு மரமுளையை முகத்தோடு சமமாகச் சீவி, அதன் சரியான நடுவில் தண்டின் மரையைவிட மெல்லிய துளை போட்டுத் தண்டைத் திருகுங்கள். தண்டில் ஒரு வளையம் இருக்கும், அது பலகையின் முகத்தைத் தொடும்வரை திருக வேண்டும். ஒரு மி.மீ. குறைந்தாலும் கூடினாலும் தலை வாய்க்கு நேரே வராது. பசை காய வேண்டும் என்பதால்தான் வேலையை ஒரே நாளில் முடிக்க நினைக்காமல், துளை அடைப்பதை முதல் நாள் மாலையே செய்துவிடச் சொல்வேன்.

அடிப்பலகை தண்ணீர் குடித்து உப்பியிருந்தால் மட்டும் இந்த வைத்தியம் செல்லாது. தினம் வீடு துடைக்கிற ஈரம் போதும், இரண்டு மழைக்காலத்தில் அடி ஓரம் வீங்கிவிடும். நகத்தால் கீறிப் பாருங்கள், புட்டு மாதிரி உதிர்ந்தால் அந்த இடத்தில் கேமோ மரமுளையோ நிற்காது. அங்கே உள்மூலையில் ஒரு அங்குலத்துக்கு ஒரு அங்குல ரீப்பர் கட்டையை வைத்து, உப்பாத இடம் பார்த்து இரண்டு பலகையிலும் ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க வேண்டியதுதான். உப்பியது ஒரு சாணுக்கு மேல் பரவியிருந்தால் பலகையையே மாற்ற வேண்டும்.

இனி சதுரமாக்குவது. பின்தகட்டின் ஆணிகளையெல்லாம் பிடுங்கித் தகட்டைத் தனியே எடுத்துவிடுங்கள். எல்லாக் கேமையும் கால் சுற்று இளக்குங்கள், கழற்ற வேண்டாம். நீளமான மூலைவிட்டம் எதுவோ அந்த இரண்டு மூலைக்கும் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிக் கட்டுங்கள். மூலையில் பலகை பெயராமலிருக்க ஒரு துணி வையுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு மரக்கரண்டிக் காம்பைச் செருகி முறுக்கினால் அந்த மூலைவிட்டம் சுருங்கும், மற்றது நீளும். அண்ணன் நாடாவைப் பிடித்து அளவு சொல்லிக்கொண்டே இருக்க, நான் காம்பைத் திருகினேன். 197.8, 197.5, 197.2. 197-க்கு வந்ததும் காம்பைக் கயிற்றோடு கட்டிவிட்டு மற்றதை அளந்தோம், அதுவும் 197. இரண்டும் 2 மி.மீ.க்குள் இருந்தால் போதும், அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம். இந்த நிலையில் கேம்களை முறுக்குங்கள். ஒரே மூச்சில் ஒன்றை முழுக்க இறுக்காமல், எல்லாவற்றையும் பாதி, பிறகு எல்லாவற்றையும் முழுசு என்று இரண்டு சுற்று போங்கள். கையால் திருப்பும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர்தான் நல்லது. மின்சார டிரில்லை வைத்து முறுக்கினால் கேம் எப்போது நிற்க வேண்டும் என்று கைக்குத் தெரியாது. அதில்தான் பாதிக் கேம் உடைகிறது.

கயிறு அப்படியே இருக்கட்டும். அதன் மேலேயே தகட்டை வைத்துவிட முடியாது என்பதால், மூலையில் மட்டும் கயிற்றைத் தகட்டுக்குப் போகிற வழியில் இல்லாமல் பெட்டியின் உள்பக்கமாகத் தள்ளிக்கொள்ளுங்கள். இடமில்லையென்றால் கேம் இறுகிய பிறகு கயிற்றை எடுத்துவிட்டுத் திரும்ப ஒருமுறை அளந்தால் போதும். படுத்த நிலையில் பெட்டி தானாகச் சாயாது.

தகடு பிளந்திருந்தால் முதலில் அதை ஒன்றாக்க வேண்டும். பிளாஸ்டிக் பட்டை கவ்வி நிற்கும் இடத்தில் இரண்டு துண்டும் ஒன்றின்மேல் ஒன்று மேலும் கீழுமாகச் சறுக்கும். தீப்பெட்டியில் ஒட்டிய தாளை நடுவில் கிழித்துவிட்ட மாதிரி, தாங்க வேண்டிய பலத்தில் பெரும்பகுதி அங்கே போய்விடும். பட்டையை உருவி எடுத்துவிட்டு, நாலு அங்குல அகலத்தில் 6 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றை உயரம் முழுவதற்கும் வெட்டி வாங்கினோம். மரக்கடையில் மிச்சத் துண்டு என்று கேட்டால் குறைந்த விலைக்குத் தருவார்கள். தகட்டின் வெளிப்பக்கம் பெரும்பாலும் சொரசொரப்பான பழுப்பு நிறமாக இருக்கும், அதில் ஃபெவிகால் நன்றாகப் பிடிக்கும். உள்பக்கம் பளபளப்பாகப் பூச்சு இருப்பதால் அங்கே பசை பிடிக்காது. இரண்டு துண்டையும் பெட்டியின் மேலேயே சரியாகப் பொருத்தி, நடு இணைப்பின்மேல் பசை தடவிய பிளைவுட் பட்டையை வைத்து, புத்தகமோ செங்கல்லோ பாரம் ஏற்றி இரண்டு மணி நேரம் விட்டோம். மேல் பலகை, நடுத்தட்டு, அடிப்பலகை ஆகிய மூன்றின் மேலும் பட்டை வரும் இடத்தில் நீள ஸ்க்ரூ ஒன்றிரண்டு போட்டோம். மடிந்த தகட்டுக்கும் இதே பட்டைதான்.

தகடே வளைந்து அலையாகியிருந்தால் ஒட்டுப்போடாமல் 6 மி.மீ. பிளைவுட்டில் ஒரே துண்டாக வாங்கிவிடுங்கள். எட்டுக்கு நாலு அடித் தாளில் உங்கள் அளவு தாராளமாக அடங்கும், கடையிலேயே வெட்டித் தருவார்கள். செலவு ஏறும், கனமும் ஏறும், ஆனால் அதற்குப் பிறகு பின்பக்கத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். என்னைக் கேட்டால் தகடு நன்றாக இருக்கும்போது இது தேவையில்லை.

பொருத்தும்போது ஆணி வேண்டாம், ஸ்க்ரூ போடுங்கள். முக்கால் அங்குலம், 6 நம்பர், தலைக்கு அடியில் ஒரு வாஷர். 3 மி.மீ. தகட்டில் வாஷர் இல்லாமல் போட்டால் தலை நாளடைவில் தகட்டைக் கிழித்துக்கொண்டு போய்விடும். வாஷர் அந்த அழுத்தத்தைப் பரப்பிக்கொள்ளும். பலகை 16 மி.மீ. என்பதால் ஓரத்திலிருந்து 8 மி.மீ. உள்ளே பென்சிலில் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரூ பலகையின் நடுவில் இறங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 2 மி.மீ. பிட்டால் வழித்துளை கட்டாயம். பார்ட்டிகிள் போர்டின் ஓரத்தில் துளை இல்லாமல் ஸ்க்ரூவை இறக்கினால் பலகை வாழைப்பூ மடல் மாதிரி பிளந்து விரியும். பழைய ஆணித்துளைகளைத் தொடாதீர்கள், அவற்றிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள். இடைவெளி 12, 13 செ.மீ. சுற்றளவு 5 மீட்டர் சொச்சம் என்பதால் 40 ஸ்க்ரூ ஆகும், நடுத்தட்டுக்கு இன்னும் ஐந்தாறு. நடுத்தட்டை விட்டுவிடாதீர்கள், கேம் போட்டு நிலையாகப் பூட்டிய தட்டு என்றால் அதுவும் தகட்டைப் பிடிக்க வேண்டிய விளிம்புதான்.

வரிசை ஒன்று இருக்கிறது. தகட்டின் மேல்விளிம்பை மேல் பலகையோடு சேர்த்து அந்த வரிசை முழுவதும் போடுங்கள். பிறகு மூலைவிட்டத்தை அளங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு போடுங்கள், திரும்ப அளங்கள். தொழிற்சாலையில் வெட்டிய தகட்டின் மூலை நல்ல செங்கோணம், அதனால் பெட்டியின் ஓரம் தகட்டின் ஓரத்தோடு எங்கே விலகுகிறதோ அங்கே பெட்டியைத் தள்ளிச் சேர்த்துக்கொண்டே போகலாம். நான் முதன்முதலில் ஒரு அலமாரி பூட்டியபோது அளக்காமல், சுற்றிலும் ஆணியை அடித்துவிட்டுத்தான் நிமிர்த்தினேன். சாய்ந்த நிலையிலேயே தகடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆட்டம் துளியும் இல்லை, கதவு மட்டும் கடைசிவரை மூடவில்லை.

பசையும் போடலாமா என்றால், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டாம் என்பேன். ஸ்க்ரூ மட்டும் என்றால் அடுத்த வீடு மாறும்போது தகட்டைக் கழற்றி, கேமை இளக்கி, பலகை பலகையாக எடுத்துப்போகலாம். பசை போட்டுவிட்டால் அது ஒரே பெட்டி, மாடிப்படித் திருப்பத்தில் மாட்டும். சொந்த வீடு, இனி நகர்த்தப்போவதில்லை என்றால் தகட்டின் உள்முகத்தில் ஓரமாக இரண்டு விரல் அகலத்துக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறகு ஃபெவிகால் தடவிப் பொருத்தலாம்.

சில அலமாரிகளில் தகடு வெளியே ஆணியில் இல்லாமல், பலகையில் வெட்டிய காடியில் செருகி இருக்கும். காடி 4 மி.மீ., தகடு 3 மி.மீ. என்பதால் உள்ளே ஆடும். அங்கே ஸ்க்ரூ போட இடமில்லை. பின்பக்கத்திலிருந்து காடியின் சந்தில் ஃபெவிகால் விட்டு, மெல்லிய மர ஆப்புகளை ஒரு சாணுக்கு ஒன்றாகச் செருகி இறுக்குங்கள். காடியின் உள்பக்கம் பூச்சில்லாத வெறும் மரத்தூள், பசை நன்றாக உறிஞ்சும்.

புத்தக அலமாரி வைத்திருப்பவர்கள் கேட்டால் அதற்கும் இதேதான், இன்னும் ஒரு படி அதிகமாக. கதவு இல்லை, தட்டுகள் பெரும்பாலும் முளைமேல் சும்மா உட்கார்ந்திருப்பவை. அந்தத் தட்டுகள் புத்தகத்தைத் தாங்கும், பெட்டியை நிமிர்த்திப் பிடிக்காது. நடுத்தட்டு ஒன்றையாவது சின்ன எல் கிளாம்பால் இரண்டு பக்கப் பலகையோடும் பூட்டி, பின்தகட்டை அதிலும் ஸ்க்ரூ போட்டுப் பிடித்தால் நல்ல வித்தியாசம் தெரியும்.

நிமிர்த்திய பிறகு தரையைப் பாருங்கள். குளியலறைப் பக்கமோ பால்கனிப் பக்கமோ நம் வீட்டுத் தரைகளுக்கு ஒரு வாட்டம் இருக்கும். ரசமட்டத்தை அடிப்பலகையில் குறுக்கே ஒருமுறை, முன்பின்னாக ஒருமுறை வையுங்கள். தாழ்ந்த காலுக்கு அடியில் மைக்காத் துண்டோ பிளாஸ்டிக் துண்டோ கொடுங்கள். அட்டையை மடித்து வைப்பது வேண்டாம், ஒரு வாரத்தில் நசுங்கும், ஈரத்தை வேறு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நாலு காலும் தரையில் பட்டதும் கதவை மாட்டினால் அண்ணன் வீட்டில் நடந்த மாதிரி படிக்கட்டு தானாகவே மறையும். அவர் வீட்டில் கீலைத் தொடவே இல்லை, ஒரு மி.மீ. கூட ஏற்ற இறக்கம் தெரியவில்லை.

6 அடி உயரப் பொருளைச் சுவரோடு கட்டாமல் விடாதீர்கள், வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கண்டிப்பாக. பின்தகடு எவ்வளவு இறுகினாலும் முன்னால் கவிழ்வதை அது தடுக்காது. மேல் பலகையில் இரண்டு எல் கிளாம்பு, சுவரில் 6 மி.மீ. துளையும் பிளக்கும். கிளாம்பை 3 மி.மீ. தகட்டில் பூட்டாமல் மேல் பலகையில் பூட்ட வேண்டும். வீட்டுக்காரர் சுவரில் துளை போட விடமாட்டார் என்றால், கனமானதையெல்லாம் கீழ்த்தட்டில் வையுங்கள், மேலே சூட்கேஸ் அடுக்காதீர்கள்.

துணிகளை அடுக்கி இரண்டு மூன்று வாரம் ஆனதும் கேம்களை ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். பாரம் ஏறியதும் பலகைகள் கொஞ்சம் அமுங்கி உட்காரும், ஒன்றிரண்டு கேம் லேசாகத் திரும்பும், அதை மட்டும் இறுக்கினால் போதும். அப்படியே மூலைவிட்டத்தையும் அளந்து, எழுதிவைத்த தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறேழு மி.மீ. வித்தியாசம் திரும்ப வந்திருந்தால் எங்கோ ஒரு விளிம்பில் ஸ்க்ரூ பிடிக்கவில்லை. பெரும்பாலும் அது அடிப்பலகை விளிம்பாகத்தான் இருக்கும்.